அவசரத்தில் போய்விட்ட கல்யாணப் பத்திரிகையைத் திரும்பப் பெற்று, திருத்தியதை அனுப்புவது எப்படி? (முழுமையான வழிகாட்டி)

கடலூரில் என் தங்கையின் கல்யாணம். 2025 ஆகஸ்ட் 29, ஆவணி 13, வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம். முந்தின நாள் வியாழக்கிழமை மாலை வரவேற்பு. ஆடி பிறப்பதற்கு முன்னால் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னதால், மண்டபம் முழுதாக முடிவாகும் முன்பே பத்திரிகை வேலையைத் தொடங்கிவிட்டோம்.

ஜூலை 9, புதன்கிழமை இரவு 9.40. சரிபார்ப்பதற்காக அச்சகத்திலிருந்து ப்ரூஃப் படமாக வந்தது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பினேன். அதுதான் கடைசிப் பத்திரிகை என்று நினைத்து, பூரிப்பில் அந்த நிமிடமே அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதில் மஞ்சக்குப்பம் மண்டபம் இருந்தது. நாங்கள் முன்பணம் கட்டியதோ கெடிலத்துக்கு அந்தப் பக்கம், திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்துக்கு. வரவேற்பு நேரமும் மாலை 6.30 என்பதற்குப் பதிலாக 7.30 என்று இருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு அத்தை போன் செய்து, "மஞ்சக்குப்பத்துலயா வெச்சிருக்கீங்க, எங்க வீட்டுக்குப் பக்கமாப் போச்சே" என்று சந்தோஷமாகச் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் குழுவில் இருந்த 58 பேரில் 41 பேர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த நான்கு நாட்களில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எதைச் செய்வது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பதில்தான் இந்த வேலை முழுவதும் இருக்கிறது.

முதல் வேலை: அழிக்காதீர்கள், ஒரு வரி எழுதுங்கள்

தப்பைப் பார்த்ததும் கை தானாக `Delete for everyone` பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்கள். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை வந்து, பிறகு காணாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "கல்யாணம் நின்னுபோச்சாமே." நீங்கள் படத்தை நீக்கிய இடத்தில் `This message was deleted` என்ற வரி நிற்கும். காலையில் குழுவைத் திறப்பவர் நேற்று பத்திரிகை இருந்த இடத்தில் அதைத்தான் பார்ப்பார். நேரே உங்களிடம் கேட்கத் தயங்கி, இன்னொரு உறவினரிடம் கேட்பார். மதியத்துக்குள் அது சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போய்விடும். மண்டபம் தவறாகப் போன சங்கடத்தை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். பெண்ணின் கல்யாணம் நின்றது என்ற பேச்சைச் சரிசெய்ய அதைவிட நாளாகும்.

அதனால் முதலில் ஒரு செய்தி போக வேண்டும், அதற்குப் பிறகுதான் நீக்க வேண்டும். அந்தச் செய்தியின் முதல் வாக்கியத்திலேயே கல்யாணம் குறித்த நாளில் நடக்கிறது என்று இருக்க வேண்டும். நான் எழுதியது இது:

"எல்லாருக்கும் வணக்கம். தங்கையின் திருமணம் குறித்தபடி ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை காலை நடக்கிறது. நேற்று இரவு இங்கே வந்தது, பிழை பார்ப்பதற்காக எடுத்த மாதிரிப் பத்திரிகை. அதில் மண்டபத்தின் பெயர் தவறாக இருக்கிறது. தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், யாருக்கு என்று எனக்குச் சொல்லுங்கள். சரியான பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் நானே அனுப்புகிறேன்."

இதில் 'ரத்து', 'வாபஸ்' என்ற சொற்கள் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டேன். அவசரமாகப் படிப்பவர் கண்ணில் அந்த ஒரு சொல்தான் படும். சரியான மண்டபத்தின் பெயரையும் இந்தச் செய்தியில் சொல்லவில்லை. காரணம், அந்தக் காலையில் மண்டபத்துக்காரர்கள் வரவேற்பு நேரத்தை இன்னும் உறுதி செய்யவில்லை. பாதி விவரத்தைச் சொல்லிவிட்டு மறுபடியும் திருத்தினால், மூன்றாவதாக வருவதை யாரும் நம்பமாட்டார்கள். திருத்தம் ஒரே ஒரு முறைதான் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'யாருக்கு என்று சொல்லுங்கள்' என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். பத்திரிகை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. அன்று மதியத்துக்குள் ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். பண்ருட்டி சித்தி தன் பள்ளித் தோழிகள் குழுவுக்கும், நெல்லிக்குப்பம் மாமா தன் ஆலை நண்பர்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். நானாக யோசித்திருந்தால் அந்த இரண்டும் நினைவுக்கே வந்திருக்காது.

நீக்குவது: எது போகும், எது போகாது

செய்தி போன பிறகு நீக்கலாம். வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாக நீக்க, அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள், அதாவது 60 மணி நேரம் இருக்கிறது. புதன் இரவு 9.55க்குப் போனதை சனிக்கிழமை காலை 9.55 வரைக்கும் நீக்க முடியும். ஆகவே முதல் செய்தியை எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அனுப்பியவர் தன் போனிலிருந்தே நீக்க வேண்டும். குழு என்றால் அட்மினும் நீக்கலாம். அப்பாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாததால், குழுவின் அட்மினான சித்தப்பா மகனிடம் சொல்லி நீக்கினேன்.

செய்தியைத் திருத்தும் `Edit` வசதி இங்கே உதவாது. அதற்கு 15 நிமிடம்தான் கெடு. அதிலும் எழுத்தைத்தான் மாற்றலாம், படத்தை மாற்ற முடியாது.

நீக்கினாலும் போகாதவை சில உண்டு. ஒருவர் இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டால் அது அவர் அனுப்பிய தனிச் செய்தி. நீங்கள் நீக்கினால் அது நீங்காது, அவர்தான் நீக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களின் புகைப்படத் தொகுப்பில் படம் சேமிக்கப்பட்டிருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள், ஸ்டேட்டஸில் வைத்தவர்கள் தனி. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். இருந்தாலும் போன் செய்து, இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள், அந்த ஒரு நாளில்தான் பலர் பார்க்கிறார்கள்.

பழையது முழுவதும் அழிந்துவிட்டது என்று ஒருபோதும் கணக்குப் போடாதீர்கள். சில போன்களில் அது கல்யாண நாள் வரைக்கும் இருக்கும். இனி எழுதும் திருத்தம், பழையதைக் கையில் வைத்திருப்பவருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

சம்பந்தி வீடும் தாய்மாமனும்

திருத்திய பத்திரிகை வரும் முன்பே இரண்டு வீடுகளுக்குப் பேசிவிட வேண்டும். சம்பந்தி வீட்டில் அந்தப் பழைய படத்தை அவர்கள் சொந்தங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள், அவர்கள் பக்கமும் இதே திருத்தம் அதே நாளில் போக வேண்டும். அப்பாவே மாப்பிள்ளையின் அப்பாவிடம் பேசினார். "எங்க பக்கத்துல ஒரு தப்பு ஆயிடுச்சு சம்பந்தி, மாதிரி நகல் வெளில போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை சரியானதைத் தரோம், அதுவரைக்கும் நிறுத்தி வையுங்க" என்றார். யார் போட்டது, ஏன் போட்டது என்ற விளக்கம் எதுவும் அதில் இல்லை. அவர்களும் கேட்கவில்லை.

தாய்மாமன் விஷயம் வேறு. அவர் மனதில் இருந்தது மண்டபம் இல்லை. நேரில் வந்து தாம்பூலத்தட்டில் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் எல்லாரோடும் சேர்த்து வாட்ஸ்அப்பில் பார்க்க நேர்ந்ததுதான் அவருக்கு வருத்தம். அவசரத்தில் போன பத்திரிகை இப்படி முறையையும் தாண்டிவிடுகிறது. அதைக் குழுவில் எழுதிச் சரிசெய்ய முடியாது. அன்று மாலையே அம்மாவும் அப்பாவும் அவர் வீட்டுக்குப் போய், அச்சான பத்திரிகை கையில் இல்லாவிட்டாலும் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, "முதல் பத்திரிகை உனக்குத்தான், ஞாயித்துக்கிழமை கொண்டு வரோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். உங்கள் வீட்டில் முறையாக முதலில் அழைக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களை இந்த இடைவெளியில் நேரில் பார்த்துவிடுங்கள்.

திருத்திய பத்திரிகை எப்படி இருக்க வேண்டும்

மண்டபத்துக்காரர்களிடம் நேரத்தை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அச்சகத்துக்குப் போனேன். இந்த முறை ப்ரூஃபின் குறுக்கே 'மாதிரி' என்று பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னேன். முதல் முறையே அப்படிக் கேட்டிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. மூன்று பேர் தனித்தனியாக வாய்விட்டுப் படித்தோம். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் தினசரிக் காலண்டரோடு ஒப்பிட வேண்டும். இதில் ஒன்று தவறி மற்ற இரண்டும் சரியாக இருப்பதுதான் கண்ணில் படாமல் தப்பும் பிழை.

அடுத்து, பழையதும் புதியதும் தூரத்திலிருந்து பார்த்தாலே வேறாகத் தெரிய வேண்டும். எங்கள் பழைய பத்திரிகை சந்தன நிறம். அதே நிறத்தில் மண்டபத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், "இது ஏற்கெனவே வந்ததுதானே" என்று திறக்காமலே போயிருப்பார்கள். பச்சை ஓரம் வைத்து வேறு வடிவமாக எடுத்தோம். 'திருத்திய அழைப்பிதழ், 13.7.2025' என்ற வரியைப் படத்துக்குள்ளேயே மேல் ஓரத்தில் சேர்த்தோம். கூடவே எழுதி அனுப்பும் குறிப்பில் மட்டும் போட்டால் போதாது. படம் நாலு கை மாறும்போது அந்தக் குறிப்பு கழன்றுவிடும், படத்துக்குள் இருக்கும் எழுத்து கழலாது. அச்சுப் பிரதிக்கு அந்த வரி வேண்டாம், அதைப் பார்ப்பவர்களுக்கு இதுதான் முதல் பத்திரிகை.

பழைய பத்திரிகை மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, 'இது தவறானது' என்று அனுப்பலாம் என அண்ணன் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். மங்கலப் பத்திரிகையில் தங்கையின் பெயர் மேல் சிவப்புக் கோடு ஓடுவதைப் பெரியவர்கள் தாங்கமாட்டார்கள். அதோடு, அடங்கியிருந்த தவறான படத்தை நாமே இன்னொரு முறை ஊருக்கெல்லாம் அனுப்பியதாகவும் ஆகும். பழையதை நிறத்தால் அடையாளம் சொன்னாலே போதும்.

பழைய பத்திரிகையில் இருந்த கியூஆர் கோடும் ஒரு சிக்கல். அதை ஸ்கேன் செய்தால் கூகுள் மேப்பில் மஞ்சக்குப்பம் மண்டபம்தான் திறக்கும். மேப் லிங்க்கை நேரடியாக வைத்து உருவாக்கிய கோடு என்றால் அது போகும் இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. நம் கையில் இருக்கும் ஒரு இணையப் பக்கத்துக்கோ, பிறகு இடம் மாற்ற முடிகிற லிங்க்குக்கோ போகும் கோடாக இருந்திருந்தால் பழைய படத்தை ஸ்கேன் செய்பவரும் சரியான இடத்துக்கு வந்திருப்பார். புதியதில் அப்படித்தான் வைத்தோம். புதுக் கோட்டை இரண்டு வேறு போன்களில் ஸ்கேன் செய்து, மேப்பில் விழும் புள்ளி மண்டப வாசலில்தான் விழுகிறதா என்று பார்த்தோம்.

ரயிலில் வருபவர்களுக்காக ஒரு வரியும் சேர்த்தோம். கடலூரில் இரண்டு நிலையங்கள். துறைமுகம் சந்திப்பு முதுநகரில் இருக்கிறது, எங்கள் மண்டபத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்க வேண்டும். இடம் மாறினால் இறங்கும் இடமும் மாறலாம் என்பது திருத்துபவருக்கு எளிதில் தோன்றாது.

அனுப்பும்போது

ஞாயிறு மாலை 5 மணிக்கு, பழையது போன அதே குழுவில் முதலில் போட்டேன். அப்புறம் சித்தியின் தோழிகள், மாமாவின் ஆலை நண்பர்கள் என்று, பழையது போன வழியிலேயே இதுவும் போனது. சித்திக்கு அனுப்பி, அவரே தன் குழுவில் போடும்படி கேட்டுக்கொண்டேன், அங்கே என்னை யாருக்கும் தெரியாது. குழுக்களில் `Pin` செய்து 30 நாள் என்று தேர்ந்தெடுத்தோம். கூடவே எழுதியது:

"திருத்திய அழைப்பிதழ் இது. மாறியது இரண்டு: மண்டபம் திருப்பாதிரிப்புலியூரில், வரவேற்பு வியாழன் மாலை 6.30க்கு. மாறாதது: நாளும் முகூர்த்த நேரமும். பச்சை ஓரம் உள்ளதுதான் சரியானது. சந்தன நிறத்தில் ஒன்று உங்கள் போனில் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்."

மாறாததைச் சொல்வது மாறியதைச் சொல்வது அளவுக்குத் தேவை. சொல்லாவிட்டால், திருத்தம் என்று கேட்டவுடனே தேதியும் மாறிவிட்டதோ என்று ஒவ்வொருவராகப் போன் செய்வார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேருக்கு, பழைய மண்டபம் முடிவாகியிருந்த ஜூன் மாதத்திலேயே, கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பியிருந்தேன். அங்கே நிகழ்வை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடக் கூடாது. நீக்கினால் அவர்களுக்கு `Canceled event` என்று தொடங்கும் மின்னஞ்சல் போகும், கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் படிப்பார்கள். அதே நிகழ்வைத் திறந்து இடத்தையும் நேரத்தையும் மாற்றிச் சேமித்து, விருந்தினர்களுக்குத் தெரிவிக்கவா என்று கேட்கும்போது `Send` கொடுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் உள்ளுக்குள் ஒரு அடையாள எண் உண்டு. அது மாறாமல் வரும் திருத்தம் அவர்களது காலண்டரில் பழையதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். நீக்காமல் புதிய நிகழ்வை மட்டும் போட்டால் இரண்டு மண்டபங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

அச்சடித்த பத்திரிகையே தவறாகப் போயிருந்தால், தனிச் சீட்டு அடித்துச் செருகாதீர்கள். சீட்டு விழுந்துவிடும், பத்திரிகை மட்டும் காலண்டருக்குப் பின்னால் போய்ச் சேரும். தவறான வரியை முழுதாக மறைக்கும் அளவுக்கு, பத்திரிகையின் நிறத்திலேயே ஸ்டிக்கர் அடித்து ஒட்டுங்கள். பேனாவால் அடித்துத் திருத்துவது மங்கலப் பத்திரிகைக்கு அழகில்லை.

சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்

இரண்டு நீல டிக் வந்தால் பார்த்தார்கள் என்று அர்த்தம், புரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, அறுபது வயதைத் தாண்டியவர்கள், வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்து வருபவர்கள், மண்டபத்தில் வேலை உள்ளவர்கள் ஆகிய எல்லாருக்கும் போன் செய்தோம். வேலை உள்ளவர்கள் என்றால் சமையல், நாதஸ்வரம், பூ, போட்டோ, ஐயர். தவறான மண்டபத்துக்கு ஒரு விருந்தினர் போனால் அவர் அரை மணி தாமதமாக வருவார். நாதஸ்வரக்காரர் போனால் முகூர்த்தமே திண்டாடும்.

போனில் "புதுப் பத்திரிகை பார்த்தீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் பார்த்தேன் என்பார்கள். நான் பெரியப்பாவிடம் கேட்டது இப்படி:

"பெரியப்பா, வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வந்து இறங்குவீங்க?"

"மஞ்சக்குப்பம்தானே, பஸ்ஸ்டாண்டுலேர்ந்து ஆட்டோ புடிச்சிக்கிறேன்."

குழுவில் புதுப் பத்திரிகைக்குக் கைகூப்பும் படம் போட்டு வாழ்த்தியவர் அவர். இப்படிக் கேட்டதில் 70 பேரில் 11 பேர் இன்னும் பழைய இடத்தையே சொன்னார்கள். அந்த 11 பெயர்களை வட்டம் போட்டு வைத்து, கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடியும் பேசினோம்.

கடைசியாக, பழைய மண்டப வாசல்

எவ்வளவு செய்தாலும் சிலர் அங்கே போவார்கள். அன்று அந்த மண்டபத்தில் வேறொரு கல்யாணம். முகூர்த்த நாளில் எல்லா மண்டபமும் நிறைந்துதான் இருக்கும். வாழை மரத்தையும் மேளச் சத்தத்தையும் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும் வரைக்கும் தெரியாது. ஆகவே அந்த மண்டப மேலாளரிடமும், அங்கே கல்யாணம் நடத்தும் வீட்டாரிடமும் முதல் நாளே அனுமதி கேட்டு, வாசலுக்கு எதிர்ப்பக்கம் சின்ன ஃபிளெக்ஸ் ஒன்று வைத்தோம். மணமக்கள் பெயர், 'திருமணம் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில்', ஒரு போன் எண், அவ்வளவுதான். எங்கள் பெயர்ப்பலகை அவர்கள் வாசலை மறைக்கக் கூடாது என்பதால் உயரத்தை மூன்றடிக்குள் வைத்தோம்.

சித்தப்பா மகன் வியாழன் மாலை 6 முதல் 8.30 வரைக்கும், வெள்ளி காலை 5 முதல் 7 வரைக்கும் அங்கே நின்றான். ஒரு ஆட்டோவை இரண்டு வேளைக்கும் பேசி வைத்திருந்தோம். மாலையில் ஐந்து பேர், காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஐந்தில் மூன்று பேர் மாமாவின் ஆலை நண்பர்கள், ஒருவர் கையில் அந்தச் சந்தன நிறப் படம் இன்னும் திறந்தே இருந்ததாம். ஏழு பேரும் தாலி கட்டும் நேரத்துக்குள் எங்கள் மண்டபத்தில் இருந்தார்கள்.